கும்பிடு போட்ட மாமா

எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு மாமா இருக்கிறார். அவர் எழுத மாட்டார், அழுத்துவார். யார் என்ன சேதி போட்டாலும் அதன் மேல் விரலை வைத்து, குறிகள் வரிசை கட்டி எழும்பும்வரை விடாமல் பிடித்து, ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் காபிக்கு எழுந்திருப்பார். எங்கள் மாமா வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேசைக்கு வந்த கோப்பில் சுருக்கொப்பம் போடாமல் அடுத்த மேசைக்குத் தள்ளிப் பழக்கமில்லை.

2022 மே மாதம் வாட்ஸ்அப் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது ஆறே குறிகள்: கட்டைவிரல், இதயம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், வாய் பிளந்த முகம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடும் முகம், கூப்பிய கை. இரண்டு மாதத்தில் பக்கத்திலேயே ஒரு கூட்டல் குறியைப் போட்டு மிச்சமிருக்கும் அத்தனை எமோஜியையும் திறந்துவிட்டார்கள். மாமா அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆறுக்கே அவரிடம் தனிச் சட்டம் உண்டு. சித்தப்பாவுக்கு ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்று சேதி வந்தபோது சிவப்பு இதயத்தைத் தட்டினார். கேட்டதற்கு, "இதய சமாச்சாரம்தானே?" என்றார்.

இதயத்தையாவது அன்பு என்று சொல்லிச் சமாளிக்கலாம். கும்பகோணத்து அத்தை தவறிப்போனபோதுதான் சங்கடம். அத்தை மகன் விடியற்காலை ஐந்தரைக்குச் சேதி போட்டான்: "அம்மா இரவு இறைவனடி சேர்ந்தார். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம்." மதுரையில் மாமா கண்ணாடி போடாமல் அழுத்தினார். மூன்றாவது முகத்தைத் தட்டினார்.

கை தவறிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இல்லை, யோசித்தே தட்டியிருக்கிறார். ஐந்தாவது முகத்தில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். மூன்றாவதிலோ இரண்டு கண்ணிலும் பெரிது பெரிதாக. ஒரு சொட்டு தூரத்து உறவுக்கு. கூடப் பிறந்த தங்கையின் நாத்தனாருக்கு அது போதுமா? கண்ணீரைப் பார்த்த மனுஷன், அதற்குக் கீழே முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறதே, அதைப் பார்க்கவில்லை. அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. சிரிக்கும் முகத்துக்கு அழுகிற முகத்தைவிட அதிகக் கண்ணீர் வைத்து, இரண்டையும் ஒரே வரிசையில் ஒரு முகம் தள்ளி உட்கார வைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தக் குறியில் ஒரு விவகாரம் இருக்கிறது. குழுவில் எண்பது பேர் இருந்தாலும் குறி விழுந்த தகவல் சேதி எழுதியவருடைய போனுக்கு மட்டும்தான் போகும். மற்றவர்கள் குழுவைத் திறந்து, சேதிக்கு அடியில் குட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தால்தான் உண்டு. ஆக, மாமாவின் சிரிப்பு தனித்தபாலில் போவதுபோல நேரே அத்தை மகனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மதினி போன் போட்டுச் சொன்னதும் மாமாவுக்கு வியர்த்துவிட்டது. பரிகாரம் சுலபம். சேதிக்கு அடியில் இருக்கும் குறியைத் தொட்டால் யார் யார் போட்டார்கள் என்று பட்டியல் வரும், தன் பெயரடியில் "Tap to remove" என்றிருக்கும், தட்டினால் போய்விடும். வேறு குறியைத் தட்டினாலும் சரிதான், ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு என்பதால் பழையது விலகிக்கொள்ளும். அதற்குள் எதிராளி பார்த்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆனால், போட்ட ஒப்பத்தைச் சத்தமில்லாமல் அழிப்பது மாமாவின் அகராதியில் மோசடி. அதனால் குழுவிலேயே எழுதினார். ஒரு வருடத்தில் அவர் எழுதிய முதல் சேதி அதுதான்: "மேற்காண் இரங்கல் செய்தியில் என்னால் பதியப்பட்ட சிரிப்பு தவறுதலானது. அது இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது." அதுவரை சிரிப்பைக் கவனிக்காத எழுபத்துச் சொச்சம் பேரும் மேலே தள்ளிப் போய்ப் பார்த்தார்கள். சிரிப்பு அங்கேயே இருந்தது. அறிவிப்புப் போட்டாயிற்று என்று அதை எடுக்க மறந்துவிட்டார். துபாயிலிருக்கும் பொடியன் ஒருவன் அந்த ரத்து ஆணைக்கு அதே மூன்றாவது முகத்தைப் போட்டான். அவன் தெரிந்துதான் போட்டான்.

அதற்குப் பிறகு மாமா ஆறில் ஐந்தை ஒதுக்கிவிட்டார். பிறப்பு, இறப்பு, பிளஸ் டூ மார்க், மின்தடை எல்லாவற்றுக்கும் கூப்பிய கை. இதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அத்தை மகன் அழைப்புப் போட்டான். எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்கிறார், வருகிறவர்கள் சொல்லுங்கள் என்று கடைசி வரி. மாமா அழுத்தினார், கூப்பிய கை. மறுநாள் காலை போன் வந்தது.

"மாமா, கும்பிடு போட்டிருக்கீங்களே, அது வர்றேன்னு கும்பிடா, வர முடியலன்னு கும்பிடா?"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பார்த்துட்டேன்னு கும்பிடுப்பா" என்றார்.