பரமசிவம் மகன் பர்மிங்ஹாமில் எழுந்து நின்ற கதை

பர்மிங்ஹாம்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். மருமகன் அடுத்த திங்கள்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர்கிறான், முதல் நாளே எழுப்பி நிறுத்தி இங்கிலீஷில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வார்களாம். "நீதான் வெள்ளைக்காரன் ஊரிலேயே கிடக்கியே, ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பு, பயல் மனப்பாடம் பண்ணிருவான்" என்கிறாய். ஒரு பக்கமா? அந்த ஒரு பக்கத்தால்தான் அக்கா, நான் இங்கே சீரழிந்தேன். இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அத்தானிடம் மட்டும் வாசித்துக் காட்டாதே.

நான் சேர்ந்த அன்று பதினான்கு பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். மேனேஜரம்மா, "ஆளுக்கு 30 விநாடி. பெயர், என்ன வேலைக்கு வந்திருக்கிறீர்கள், அப்புறம் ஒரு ஃபன் ஃபேக்ட்" என்றார். ஃபன் ஃபேக்ட் என்றால் உன்னைப் பற்றி வேடிக்கையாக ஒரு சங்கதி. இந்த ஊரில் அது இல்லாமல் யாரையும் மனுஷனாகவே சேர்க்கமாட்டார்கள் போலிருக்கிறது. ஒருவர், தன் பூனைக்கு ஒரு கண்தான் என்றார். சிரித்தார்கள். ஒரு பெண், வாழைப்பழத்தைக் கண்டால் தனக்குப் பயம் என்றாள். அதற்கும் சிரிப்பு. நம்ம வீட்டில் தாத்தாவுக்கும் கிடாரிக்கும் ஒரே நாளில் காது குத்தியதை எல்லாம் நாம் வேடிக்கையாக நினைத்ததே இல்லையே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

நான் ஒன்பதாவது ஆள். எனக்கு முன்னால் எட்டுப் பேர் எப்படிச் சொன்னார்கள் என்று காது கொடுத்திருந்தால் போதும், பிழைத்திருப்பேன். நானோ, திருநெல்வேலியில் இன்டர்வியூ பயிற்சி வகுப்பில் சார் போர்டில் எழுதிப் போட்ட அந்த ஒரு பக்கத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை என்பதை நின்ற பிறகுதான் கவனித்தேன்.

"மைசெல்ஃப் செல்வகுமார். மை நேட்டிவ் பிளேஸ் இஸ் கோவில்பட்டி. ஐ பாஸ்ட் அவுட் இன் 2012 ஃப்ரம் திருநெல்வேலி..." என்று ஆரம்பித்து, அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, அக்கா ஒருத்தி, கல்யாணமாகி செட்டில் ஆகிவிட்டாள் (ஆமாம், நீயும் வந்தாய்), பொழுதுபோக்கு பாட்டு கேட்பது, பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லாரையும் சீக்கிரம் நம்பிவிடுவது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முன்பின் தெரியாத பதினான்கு பேரிடம் என் பலவீனத்தை யார் கேட்டார்கள், சொல்லு.

முடித்தபோது யாரும் அசையவில்லை. காரணம் பிறகு விளங்கியது. இங்கிலீஷில் பேச்சு முடிந்தது என்றால் கடைசி வார்த்தையில் குரல் கீழே இறங்க வேண்டும். நான் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியையும் மேலே தூக்கியே விட்டிருந்தேன். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று பாவம், அவர்கள் காத்திருந்தார்கள். அந்த மௌனம் தாங்காமல் நான், "ஆல்ஸோ ஐ லைக் மியூசிக்" என்று இரண்டாம் முறையாகச் சொன்னேன். அதையும் மேலே தூக்கித்தான் சொன்னேன்.

இடைவேளையில் பச்சைப் பட்டை கட்டிய ஓர் அம்மா தண்ணீரும் நாற்காலியும் கொண்டுவந்தார். முதலுதவிப் பொறுப்பு அவருடையதாம். "இப்போ உடம்பு பரவாயில்லையா? இன்னமும் அடிக்கடி வருதா?" என்று கேட்டார். பாஸ்ட் அவுட் என்றால் இங்கே மயக்கம் போட்டு விழுந்துவிட்டேன் என்று அர்த்தம். போலீஸ், ராணுவம் மாதிரிப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அந்தச் சொல்லைப் படிப்பு முடித்த அர்த்தத்தில் சொல்வார்கள். நான் 2012இல் திருநெல்வேலியில் மயங்கி விழுந்தவன் என்று அந்தக் கட்டடத்தில் பாதிப்பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள். "கிராஜுவேட்டட்" என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையில் அதையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எந்த வருஷம் படிப்பை முடித்தேன் என்று அங்கே யார் கேட்டது? சென்னையில் பாஸ்ட் அவுட் என்றால் யாரும் தண்ணீர் கொண்டுவரமாட்டார்கள், பயப்படாதே. ஆனாலும் மைசெல்ஃபை மட்டும் அவன் விட்டுவிடட்டும். "ஐம்" என்று தொடங்கினால் வேலை முடிந்தது.

ஃபன் ஃபேக்ட் பாக்கி இருந்ததல்லவா, மேனேஜரம்மா விடவில்லை. எங்கள் ஊர் கடலை மிட்டாய்க்குப் பேர்போனது, 2020இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் "ஓ, லவ்லி" என்றார்கள். மறுநாள் நீ கட்டிக் கொடுத்த பாக்கெட்டைத் தட்டில் உடைத்து வைத்துக்கொண்டு நீட்டினேன். வாழைப்பழத்துக்குப் பயப்படுகிற பெண், "இதில் என்ன இருக்கு?" என்றாள். "கிரவுண்ட்நட்" என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. கை நீட்டினாள். நல்ல வேளை, பின்னாலிருந்து ஒருவர் "பீநட்!" என்று கத்தினார். இங்கே பேச்சில் எல்லாருக்கும் அது பீநட்தான். அவளுக்கு வேர்க்கடலை ஆகாதாம், தொட்டாலே உடம்பு வீங்கிவிடுமாம், அதற்கென்றே பையில் ஓர் ஊசிப் பேனா வைத்திருக்கிறாள். வாழைப்பழம் எவ்வளவோ தேவலை. மறுநாள் காலை கேன்டீன் கதவில் ஒரு வேர்க்கடலைப் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கோவில்பட்டியையே அடித்துவிட்ட மாதிரி இருந்தது. தினமும் அதைத் தள்ளிக்கொண்டுதான் சாப்பிடப் போகிறேன்.

அதற்கு அடுத்த மாதம் பெயிண்ட் பிரிவுக்கு மாற்றினார்கள். மறுபடி வட்டம், மறுபடி ஃபன் ஃபேக்ட். கடலையைத் தொடாமல், "எங்க ஊர் தீப்பெட்டிக்குப் பேர்போனது" என்றேன். நான்கு பக்கமும் தின்னர் டப்பா அடுக்கியிருக்கிற இடம், அக்கா. பாதுகாப்பு அதிகாரி மெதுவாக வந்து, சட்டைப் பையில் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று கேட்டார். ஆக, நம்ம ஊரின் இரண்டு பெருமைகளும் இந்தத் தேசத்தில் தடை செய்யப்பட்ட பொருட்கள்.

அந்த முதலுதவி அம்மாதான் என்னைத் தேற்றினார். என்னிடம் இன்னும் தனிப் பிரியம், மயக்கக் கேஸ் அல்லவா. என் இங்கிலீஷில் தப்பு அவ்வளவு இல்லை, காதில் விழுகிற விதம்தான் சரியில்லை என்றார். மேசையில் தட்டிக் காட்டினார். "ஐம் ஃப்ரம் அ ஸ்மால் டவுன் இன் த சவுத் ஆஃப் இண்டியா" என்பதில் தட்டு நான்குதான். ஸ்மால், டவுன், சவுத், இண்டியா. ஃப்ரம், அ, இன், த, ஆஃப் எல்லாம் அந்தத் தட்டுகளுக்கு நடுவே நசுங்கிப் போய்விடும். நான் சொன்னபோது எல்லாவற்றுக்கும் தட்டு விழுந்தது. நம்ம தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துப் பழகிவிட்டோம். மதுரையிலிருந்து வருகிற சாதா பஸ் மாதிரி, கை காட்டுகிற வேப்பமரத்தடியில் எல்லாம் நிற்கிறோம். இவர்கள் எக்ஸ்பிரஸ். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தேன். நிற்கிற இடத்தில் மட்டும் நன்றாக நின்றேன். ஒரு வாரம் குளியலறைக் கதவைத் தட்டிப் பழகியதில் கீழ்வீட்டுக்காரர் ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போனார்.

போன திங்கள்கிழமை மூன்றாவது வட்டம். இப்போது இறுதிப் பரிசோதனைப் பிரிவு. காகிதம் இல்லை. உள்ளங்கையில் மூன்றே சொல்: பெயர், வேலை, ஹாக்கி. முழு வாக்கியமாக மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் வழுக்கினாலும் மொத்த ரயிலும் நின்றுவிடும். மூன்று சொல் மட்டும் கையில் இருந்தால், எப்படிச் சொன்னாலும் வந்து சேர்ந்துவிடலாம். முன்னால் பேசினவர் "ஹாய் எவ்ரிஒன்" என்று தொடங்கினார். நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

"ஹாய் எவ்ரிஒன். ஐம்... செல்வகுமார். செல்வா இஸ் ஃபைன். ஐவ் ஜஸ்ட் மூவ்ட் ஃப்ரம் த பெயிண்ட் ஷாப், ஸோ ஐல் பி டூயிங் த ஃபைனல் செக்ஸ் வித் யூ. ஐம் ஃப்ரம் அ ஸ்மால் டவுன் இன் த சவுத் ஆஃப் இண்டியா, அண்ட் எவ்ரிபடி தேர் பிளேஸ் ஹாக்கி. எக்ஸெப்ட் மீ."

கடைசி "மீ"யில் குரலை இறக்கிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தேன். "தட்ஸ் ஆல், தேங்க் யூ" கிடையாது. இருபது விநாடிகூட ஆகியிருக்காது. சிரித்தார்கள், அக்கா. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வந்து, தன் மகள் பள்ளியில் ஹாக்கி ஆடுகிறாள், உங்க ஊரில் புல்லா செயற்கைத் தரையா என்று கேட்டார். இங்கே ஹாக்கி என்றால் பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அதை அவரோடு அரைமணி நேரம் சண்டை போட்டுத் தீர்த்தேன். ஃபன் ஃபேக்ட் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நம்ம பெருமையைக் கேட்கவில்லை அவர்கள். பிற்பாடு வந்து பேச ஒரு நூல்முனை கேட்கிறார்கள். கடலை மிட்டாயில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சாப்பிடத்தான் முடியும், அதுவும் முடியாது.

பெயருக்கு முன்னால் ஒரு நொடி நின்றேன் பார், அதை மருமகனிடம் கட்டாயம் சொல். நமக்குப் பழகின பெயர் என்பதால் அதைத்தான் எல்லாவற்றையும்விட வேகமாக முழுங்குவோம். கேட்கிறவனுக்கோ அது ஒன்றுதான் புதிது. என் விஷயத்தில் அது முதல் நாளே கெட்டுப்போனது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருப்பதால் கம்ப்யூட்டரில் `Paramasivam, Selvakumar` என்று வருகிறது. நான் செல்வகுமாரை ஒரே வாயில் விழுங்கிவிட்டதால், திரையில் முதலில் நிற்பதையே பிடித்துக்கொண்டார்கள். பழைய பிரிவில் இன்னமும் "பரம்!" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா பெயரை அம்மா ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே ஒரு ஃபோர்மேன் காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார். முதலில் சுருக்கென்றது. திருத்தச் சொல்லி மெயில்கூட எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது, யாராவது கூப்பிடட்டுமே என்று விட்டுவிட்டேன். புதுப் பிரிவில் எல்லாரும் செல்வா என்கிறார்கள். கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

எழுதித் தரவில்லையே என்று மருமகன் கோபித்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை உங்கள் நேரம் ராத்திரி எட்டுக்கு வீடியோவில் வரச் சொல். கையில் காகிதம் கூடாது. பெயர், வேலை, பிடித்துக்கொள்ள ஒரு நூல். நான் மேசையில் தட்டுகிறேன், அவன் சொல்லட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்காதே. மிட்டாய் ஒரு கிலோ அனுப்பு. வீட்டில் வைத்துத் தின்றுகொள்கிறேன்.

அன்புடன்,
செல்வா