ஓடும், ஆனால் போய்ச் சேராது

கொல்கத்தா சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலையை விட்டுப் போகும் டேட்டாபேஸ் நிர்வாகியின் ஒப்படைப்புக் குறிப்பில் ‘பேக்கப் தினமும் இரவு 2 மணிக்கு ஓடும்’ என்ற வரி இருந்தால், அதைக் ‘கடவுள் காப்பார்’ என்று படிப்பதே உத்தமம். ஓடுவது வேறு, போய்ச் சேருவது வேறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தவறான சர்வரில் டேட்டா அழிந்தபோது பேக்கப்பைத் தேடினார்கள்; சேமிப்பிடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுத்த `pg_dump` 9.2 பதிப்பு. இரண்டும் ஒத்துப்போகாமல் வேலை தினமும் தோற்றிருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் கிளம்பின. கையொப்பம் இல்லையென்று அஞ்சல் சர்வரே திருப்பிவிட்டது. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த நகல்தான் காப்பாற்றியது.

பேக்கப்பை மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால், ‘மீட்டுப் பார்க்கத் தனி சர்வருக்கு எங்கே போவது?’ என்பார்கள். ஒரு டேபிளையாவது மீட்டு வரிசைகளை எண்ணலாமே. கோப்பின் அளவு நேற்றைவிடத் திடீரெனச் சுருங்கியதா என்று பார்க்க அந்தச் செலவும் இல்லை. ‘இந்தக் குவெரியைத் தொடாதே’ என்று ஒப்படைப்புக் குறிப்பில் நாலு இடத்தில் சிவப்பில் எழுதுபவர்கள், கடைசியாக மீட்டுப் பார்த்த தேதியை மட்டும் எழுதுவதில்லை. அப்படி ஒரு தேதியே இருந்திருக்காது.