ஸ்பாட் என்ட்ரி அப்பா

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடத்தில் செஸ் போட்டி நடந்தாலும் இவரைப் பார்க்கலாம். ஒரு கையில் பையன், மறு கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது பையனுக்குச் செஸ் போர்டு வாங்கினார். 2024-இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதும் கோச்சிங்கில் சேர்த்தார். கடைசி தேதிக்குள் பெயர் கொடுக்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

தொழிலில் இவரைக் குறை சொல்ல முடியாது. கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தீவனம் நேரத்துக்கு விழும், முட்டை லோடு நேரத்துக்கு ஏறும். ஆனால் நோட்டீஸில் ‘வியாழன் மாலை 6 மணியுடன் பதிவு முடிவடைகிறது, ஸ்பாட் என்ட்ரி கிடையாது’ என்று போட்டிருந்தால், அது மற்றவர்களுக்கு என்று எடுத்துக்கொள்வார்.

அவர் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. வியாழன் என்று அச்சடித்துவிட்டு வெள்ளி, பிறகு சனி என்று வாட்ஸ்அப்பில் நீட்டிக்கொண்டே போகிறவர் போட்டி நடத்துகிறவர்தான். வியாழன் என்பதற்குக் காரணம் உண்டு. கலந்துகொள்ளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மெடல் என்று சொல்லியாகிவிட்டது. கடைக்காரருக்கு எண்ணிக்கை அன்றைக்கே சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குச் சனி சாயங்காலம் சொன்னால் போதும். மேஜை போடுவதற்கு ஞாயிறு காலை போதும். எது மெதுவாக வருமோ அதுதான் கடைசி தேதியைத் தீர்மானிக்கிறது. இதை யாரும் நோட்டீஸில் சொல்வதில்லை. அதனால் நம்மவர், “ஒரு பையன் கூட வந்தா என்னங்க ஆகிடும்?” என்கிறார்.

என்ன ஆகும் என்று பார்ப்போம். பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் எண்பது பேர். 1895-இல் சூரிக் நகரில் ஆடிப் பார்த்த சுவிஸ் முறைதான் இங்கும். பட்டியலை இரண்டாக வெட்டி, முதல் சுற்றில் 1-ஆம் எண்ணுக்கு 41, 2-க்கு 42 என்று நாற்பது மேஜையில் ஜோடி போட்டு ஒட்டியாகிவிட்டது. ஒன்பதரைக்கு ஆட்டம். ஒன்பது இருபதுக்கு நம்மவர் உள்ளே வருகிறார்.

“வண்டி பஞ்சருங்க சார். பையன் ராத்திரி பூரா தூங்கலீங்க.”

ஆர்பிட்டர் மனம் இளகி, ரேட்டிங் இல்லாத பையனைப் பட்டியலின் கடைசியில் 81-ஆக எழுதினார். ஆட ஆளில்லை. ஒற்றைப்படை வந்தால் கடைசி எண்ணுக்கு ‘பை’. அதாவது, வியாழனுக்குள் பணம் கட்டிய எண்பது பேரும் ஒரு பாயின்ட்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள, தாமதமாக வந்தவன் கான்டீனில் வடை தின்றே அதை வாங்கிவிடுகிறான்.

ஐந்து நிமிடத்தில் இன்னொரு அப்பா. இப்போது 82. முறைப்படி திரும்ப ஜோடி போட்டால் 1-க்கு எதிராள் 42, 2-க்கு 43. நாற்பது மேஜையும் மாறிப்போகும். உட்கார்ந்த எண்பது பிள்ளைகளில் பாதிப் பேர் எழுந்து ஓட, எண்பது அம்மாக்களும் ஆர்பிட்டரைச் சூழ்ந்துகொள்வார்கள். விவரமான ஆர்பிட்டர் ஒட்டியதைக் கிழிப்பதில்லை. வந்த இருவரையும் 41-ஆவது மேஜையில் எதிரெதிரே உட்கார வைத்துவிடுவார். வடை பாதியில் நின்றுபோகும்.

அதைவிட விவரமானவர் சனி இரவே ஜோடி ஒட்டமாட்டார். காலை ஒன்பது மணிக்கு ஆஜர் எடுப்பார். பணம் கட்டியும் வராதவர் நாலு பேராவது இருப்பார்கள்; அந்த இடங்களுக்கு மட்டும், இருமடங்குக் கட்டணத்தில், மெடல் உறுதியில்லை என்று முதலிலேயே சொல்லி ஸ்பாட் என்ட்ரி தருவார். ஒன்பது பத்துக்குப் பட்டியலை மூடிவிட்டுத்தான் ஜோடி போடுவார். அதற்கு மேல் வந்தால் இரண்டாவது சுற்றிலிருந்து ஆடலாம், முதல் சுற்றுக்குச் சைபர். இதை நோட்டீஸிலேயே போட்டுவிட்டால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இங்கே அப்படிப் போடவில்லை. ஒன்பது நாற்பதுக்கு மூன்றாவதாக ஒருவர் பையனோடு மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். ஆர்பிட்டர் வாயைத் திறக்கும் முன்பே நம்மவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஏனுங்க, கடைசி தேதின்னு ஒண்ணு போட்டா அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமுங்களா? நாங்கெல்லாம் காலையில நேரத்துல வந்து உட்கார்ந்திருக்கோம்!”