குக்கர் விசிலுக்குக் கூலி கிடையாது

கேள்வி: வீட்டிலிருந்தே தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்தால் மணிக்கு 500 ரூபாய் என்கிறார்களே, நம்பலாமா? (வாசகி, கரூர்)

பதில்: எந்த மணி என்று முதலில் கேளுங்கள், அம்மா. பெரும்பாலும் அது ஏற்கப்பட்ட ஒலியின் மணி; உங்கள் சுவர்க் கடிகாரத்தின் மணி அல்ல. ஒரு வாக்கியம் ஆறு விநாடி என்றால், ஒரு மணி நேர ஒலிக்கு 600 வாக்கியங்கள் வேண்டும். படித்து, பதிந்து, திரும்பக் கேட்டு அனுப்ப ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடமாவது ஆகும். ஆக, ஐந்து மணி நேர உழைப்புக்குத்தான் அந்த 500. மின்விசிறி இரைந்தாலோ, குக்கர் விசிலடித்தாலோ, பொத்தானை அழுத்துமுன் வாய் முந்தி முதல் எழுத்து விழுங்கப்பட்டாலோ பதிவைத் தள்ளிவிடுவார்கள். பத்துக்கு ஒன்று தள்ளுபடியானால் மணிக்கு 90 ரூபாய்தான் மிஞ்சும். பதிவுக் கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.