வந்துகொண்டே இருப்பவர்

"ரெஸ்பெக்டட் சார், குடும்பத்தோடு நிரந்தரமாக இந்தியாவுக்குத் திரும்புகிறேன். உடனே சேரத் தயார்." இப்படி எழுதி எத்தனையோ பக்ரீத் போய்விட்டது. ஆள் இன்னும் எத்தியோப்பியாவில், மோஜோவில்தான் இருக்கிறார்.

நான் யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று நம் பக்கத்து ஊர் எல்லாவற்றிலும் இவர் இருக்கிறார். நான் ஒருவரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவதாக எங்கள் டேனரி அக்கவுண்டண்ட் சொல்வது வெறும் அவதூறு.

அவர் போனதில் ஒரு குற்றமும் இல்லை. 2008ல் எத்தியோப்பிய அரசு பச்சைத் தோலுக்கும் பாதி பதனிட்ட தோலுக்கும் 150 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. 1973ல் நம் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்ததற்கு என்ன காரணமோ அதேதான் அங்கும்: தோலை முழுசாகப் பதனிட்டு விற்றால் கூலி உள்ளூரில் தங்கும். வரி போட்டாயிற்று, டிரம்மைச் சுற்றத் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் டெக்னீஷியன்கள் கிளம்பினார்கள். டாலர் சம்பளம், குவார்ட்டர்ஸ், வருஷத்துக்கு ஒரு டிக்கெட். நான் அந்த வயதில் இருந்திருந்தால் நானும் கிளம்பியிருப்பேன்.

எனக்கு வயிற்றெரிச்சல் அவர் போனதில் இல்லை, வரும் தேதியில். முதல் கடிதத்தில் 'ஜனவரி முதல் வாரம்' என்பார். ஜனவரி 7 எத்தியோப்பியர்களுக்குக் கிறிஸ்துமஸ். வீட்டுக்கு வீடு ஆடு அறுப்பார்கள், தோல் வந்து குவியும், உப்பு போட்டு வாங்கி வைக்காவிட்டால் அழுகிவிடும், முதலாளி விடமாட்டேன் என்கிறார். சரி. பிறகு 'ஏப்ரல் கடைசி.' அங்கே ஈஸ்டர் நோன்பு ஐம்பது நாளுக்கு மேல் நடக்கும். கறியே தொடாத ஜனம் ஈஸ்டரன்று மொத்தமாகத் தொடும். மறுபடி தோல், மறுபடி முதலாளி. அடுத்து 'பக்ரீத் முடிந்ததும் வந்துவிடுகிறேன் சார்.' பக்ரீத்துக்குத்தானய்யா எங்களுக்கு ஆள் வேண்டும்! அதையும் தாண்டினால் செப்டம்பர் 11 அவர்களுக்குப் புத்தாண்டு. அன்றைக்கு மட்டும் ஆடு என்ன சும்மாவா இருக்கும்?

அவருடைய கணக்கை எனக்குப் புரிய வைத்தவர் அக்கவுண்டண்ட்தான். எத்தியோப்பிய நாட்காட்டியில் மாதம் 13. கடைசி மாதத்துக்கு ஐந்து அல்லது ஆறே நாள். வருஷமும் நமக்கு ஏழெட்டு பின்னால் ஓடுகிறது. நாம் 2026 பிறந்துவிட்டது என்று காலண்டர் மாட்டியபோது அங்கே 2018. "அவருக்கு இன்னும் கொரோனாவே வரவில்லை சார், அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

உண்மையிலேயே திரும்புகிறவர்களும் எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும். வெளிநாட்டான் அங்கே வேலை அனுமதியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கிளம்புகிறவர், 'என் அனுமதி மே மாதம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதுவார். பிள்ளைக்கு ஜூனில் பள்ளிக்கூடம், டி.சி. வாங்கியாயிற்று என்பார். சம்பளப் பேச்சு அதற்கப்புறம்தான் வரும். நம்மவர் கடிதத்தில் அனுமதி பற்றி மூச்சே இருக்காது. ஆம்பூர் பிரியாணியையும் கத்தரிக்காய்ப் பச்சடியையும் பற்றி ஒரு பத்தி இருக்கும். அம்மாவின் முழங்கால் வலி பற்றி ஒரு பத்தி. அந்த அம்மாவைப் போன வாரம் பஜாரில் பார்த்தேன், என்னைவிட வேகமாக நடக்கிறார்.

இன்னொரு வரியும் தவறாமல் இருக்கும்: 'ரா முதல் ஃபினிஷ் வரை எல்லாம் செய்வேன்.' வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டால் தெரிகிறது, இத்தனை வருஷமும் செய்தது கையுறைத் தோல். எத்தியோப்பிய மலைநாட்டுச் செம்மறித் தோல் கையுறைக்கு உலகப் பேர் பெற்றது. மெல்லிசு, பட்டு மாதிரி, விரலோடு இழுபடும். எங்களுக்கு வேண்டியது ஷூ அப்பர். அதைக் கட்டையில் மாட்டி, முனையில் மெஷின் பிடித்து இழுக்கும்போது மேல்பரப்பு விரியக்கூடாது. அதற்கு லாஸ்டோமீட்டர் என்று ஒரு கருவி. வட்டமாக வெட்டிய தோல் துண்டை அதில் இறுக்கி, உட்பக்கத்திலிருந்து ஒரு குண்டால் தள்ளிக்கொண்டே போவார்கள். 7 மில்லிமீட்டர் எழும்புவதற்குள் மேலே விரிசல் கண்டால் லாட் திரும்பி வரும். "கிரெய்ன் கிராக் எவ்வளவு வைப்பீங்க?" என்று கேட்டேன். "அந்த கம்ப்ளெயின்ட்டே வந்தது கிடையாது சார்" என்றார். எப்படி வரும்? கையுறையைக் கட்டையில் மாட்டி இழுப்பவர் யார்?

இதை மறைக்க வேண்டியதே இல்லை. 'இங்கே வந்ததிலிருந்து செம்மறி, கையுறை. அதற்கு முன் ஆம்பூரில் வெள்ளாட்டு அப்பர். திரும்பக் கை பழக ஒரு மாதம் ஆகும்' என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். ஒரு மாதம் யாருக்குத்தான் ஆகாது? அவர் போன பிறகு ஆறாம் குரோமியம் மூணு பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பாக்காரன் 2015ல் சட்டமே கொண்டுவந்துவிட்டான். இங்கே கழிவுநீரில் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது, ஆர்.ஓ. போட்டுத் திரும்ப எடுத்த தண்ணீரில்தான் பாதி வேலை. அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பழைய ரெசிப்பி இந்தத் தண்ணீரில் அப்படியே ஓடாது.

மனுஷர் கெட்டவர் இல்லை. லீவில் வரும்போது ஆபீஸ் முழுக்க எத்தியோப்பியக் காபிக் கொட்டை கொடுப்பார், வாசனை நாலு நாள் நிற்கும். டிரம் யார்டுக்குப் போய்ப் பழைய ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஈரத்தோலை இரண்டு விரலால் மடித்துப் பார்த்து, "நியூட்ரலைசேஷன் இன்னும் கொஞ்சம் போகணும்" என்பார், சரியாகவும் இருக்கும்.

அதனால்தான் போன முறை நம்பி நாற்காலியைக் காலியாக வைத்தேன். ஐந்து மாதம் கிரஸ்ட் செக்‌ஷனை ஓட்டியது அவருக்கு அசிஸ்டெண்டாக வைத்திருந்த பையன். டெக்னீஷியன் வேலை, அசிஸ்டெண்ட் சம்பளம். "அவரு எப்பண்ணா வராரு?" என்று வாரம் தவறாமல் கேட்டான், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான், அப்புறம் ராணிப்பேட்டையில் வேறு இடம் பார்த்துக்கொண்டான். நாங்கள் கொடுத்த ஆஃபர் லெட்டர் என்னவாயிற்று என்பது பிறகு வேறொருவர் மூலம் தெரிந்தது. மோஜோ முதலாளியின் மேஜையில் அதை விரித்து வைத்து இன்கிரிமென்ட் வாங்கியிருக்கிறார். அனுமதியும் இன்னொரு வருஷம் புதுப்பித்தாயிற்று.

இந்த மாதம் மறுபடி கடிதம். நிரந்தரமாக வருகிறாராம், உடனே சேரத் தயாராம். இந்த முறை நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: 'டிக்கெட் நகல் அனுப்பவும், பிறகு பேசலாம்.' மறுநாளே பதில் வந்துவிட்டது. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் டிக்கெட் போட்டுவிடுவாராம். லெட்டர் கம்பெனி லெட்டர்ஹெட்டில், சீலோடு இருக்க வேண்டுமாம். சம்பளத்தை டாலரிலும் ஒரு தடவை எழுதிவிட்டால் நல்லதாம்.