வாசித்துவிட்டீர்களா? இனி வாசிக்காதீர்கள்

கோப்பாயில் ஓர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியல், கணக்காளருக்குப் பதிலாகக் கதிரைக் கடைக்காரருக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. "உங்களுக்குரியதல்லவெனில் வாசிக்க வேண்டாம்" என்ற எச்சரிக்கை, முழுப் பட்டியலையும் கடந்த பிறகு, அடியில்! உடனே அதை அழிக்கச் சொல்லி, "மிக இரகசியம்" என்ற தலைப்பில் இன்னொரு மடல். அடையாளம் காண வசதியாக அதே பட்டியலும் இணைப்பில்.

2014இல் ஜி20 தலைவர்களின் கடவுச்சீட்டு விபரங்களை அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் இப்படித்தான் ஆசியக் கிண்ணக் காற்பந்து ஏற்பாட்டாளருக்கு அனுப்பியது. அவர் மடலை அழித்து, அழித்தவை கிடந்த கோப்புறையையும் வெறுமையாக்கினார்.

தவறி அனுப்பியவர் கேட்க வேண்டியது இவ்வளவே: "காலை 10.15 மடல் தவறி வந்தது. குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்துவிட்டு, யாருக்கும் அனுப்பவில்லை என்று ஒரு வரி பதில் தாருங்கள்."

கடைக்காரர் பதில் தந்தார்: "அழிச்சிட்டன். உங்கட சம்பளத்துக்குத் தவணை முறையிலயும் கதிரை தரலாம்."