வீடு போடும் சோறு

வீட்டைக் கட்டிப்பார் என்று சவால் விட்ட நம் பெரியவர்கள், கட்டிய வீட்டைத் தின்றுபார் என்று சொல்லாமலே போய்விட்டார்கள். அந்தக் குறையை 2007-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் தீர்த்துவைத்தது. சிவகங்கைச் சீமைக்காரர் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்து அறிவித்த திட்டம். தேசிய வீட்டுவசதி வங்கி அதற்கு விதிமுறை எழுதியது. பெயர் ரிவர்ஸ் மார்ட்கேஜ். தமிழில் தலைகீழ் அடமானம். தலைகீழாகத் தொங்கப்போவது யார் என்பதைப் பெயரில் சொல்லவில்லை, நாகரிகம் கருதி.

மேலோட்டமாகக் கேட்டால் கண் கலங்கும். உங்களுக்கு 60 வயது தாண்டியிருக்க வேண்டும். வீடு நீங்களே சம்பாதித்ததாக, நீங்களே குடியிருப்பதாக இருக்க வேண்டும். பூர்வீகச் சொத்து செல்லாது. பத்திரத்தைக் கொடுத்தால் வங்கி மாதாமாதம் பணம் தரும். தவணை கட்ட வேண்டாம். அந்தப் பணத்துக்கு வருமான வரியும் இல்லை. கண்ணை மூடும்வரை அதே திண்ணை, அதே முருங்கை மரம். பெற்ற பிள்ளை செய்யாததை வங்கி செய்கிறது!

இது யாருக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் கம்பெனியில் தேய்ந்தவருக்கு இந்த நாடு உத்தரவாதம் தரும் குறைந்தபட்ச பி.எஃப். பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். 2014-இல் அதை நிர்ணயித்தார்கள். காஸ் சிலிண்டர் வாங்கிவிட்டு மிச்சத்துக்குக் கீரை வாங்கலாம். அந்த மனிதரைப் பார்த்துத்தான், “ஏன் ஐயா கவலை, கோடி ரூபாய் வீட்டில் உட்கார்ந்துகொண்டு?” என்கிறது அரசு. பென்ஷன் கொடுக்க வேண்டியவர்கள் கையை உதறிவிட்டு, செங்கல்லைக் காட்டுகிறார்கள்.

சரி, செங்கல் என்ன தரும்? கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். மடிப்பாக்கத்தில் மாடியோடு கூடிய சொந்த வீடு, மதிப்பு 1 கோடி. வயது 68. மனைவி உண்டு, பென்ஷன் அந்த ஆயிரம்தான். வங்கி வீட்டின் மதிப்பில் 60 சதவீதம் கடன் என்கிறது. காலம் 15 வருடம், வட்டி 10 சதவீதம். அறுபது லட்சத்தை 180 மாதத்தால் வகுத்து, மாதம் 33,000 வரும் என்று நம்மவர் மனத்துக்குள் மருந்துக் கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டார்.

கையில் வந்தது 14,476.

வங்கி ஏமாற்றவில்லை; விதியே அப்படி. 60 லட்சம் என்பது அவருக்குக் கிடைக்கும் பணமல்ல. பதினைந்தாம் வருட முடிவில் அவர் தலையில் நிற்கப்போகும் கடன். முதல் மாதம் கொடுத்த பணத்துக்கு 15 வருட வட்டி, அந்த வட்டிக்கு வட்டி என்று எல்லாம் அதற்குள் அடக்கம். அவர் கையில் வாங்கியது மொத்தம் 26 லட்சம் சொச்சம். வங்கிக்கு வட்டி கிட்டத்தட்ட 34 லட்சம். கிழவருக்குச் சோறு போட வந்த விருந்தாளி, கிழவரைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

இதெல்லாம் அவர் சொன்ன தேதியில் செத்தால். 78 வயதிலேயே போய்விட்டால் இன்னும் உத்தமம்: கடன் 30 லட்சத்துக்குள் நிற்கும், வாரிசுகளுக்கு வீட்டில் பெரும்பங்கு மிஞ்சும். ஆனால் மனிதர் காலையில் நடக்கிறவர், சர்க்கரையில்லாத காபி குடிக்கிறவர். 83 ஆகிறது, சாகவில்லை. மாதப் பணம் நின்றுவிடும், ஏனென்றால் 15 வருடம் முடிந்தது. வீட்டைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள், அது உண்மை. பணம் வருவதுதான் நிற்கும். வட்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. 60 லட்சத்துக்கு மாதம் 50,000 என்று ஆரம்பித்து அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அவர் 88 தொடும்போது கடன் 98 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மருந்தும் ஆளும் அதிகம் தேவைப்படும் வயதில் கையில் காசில்லை, காலடியில் வீடும் இல்லாத மாதிரிதான். “நூறாண்டு வாழ்க” என்று யாராவது வாழ்த்தினால் அவர் பதறி எழுந்து கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான்.

வீட்டு விலை ஏறுமே என்பார்கள். மனை விலை ஏறலாம். முப்பது வருடம் சுண்ணாம்பு காணாத கட்டடத்துக்கு யார் விலை ஏற்றுவார்கள்? சுண்ணாம்பு அடிக்கத்தான் 14,476-இல் மிச்சமில்லையே. ஆனால் வீட்டைச் சரியாகப் பராமரிக்காவிட்டால், சொத்துவரி கட்டாவிட்டால், இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காவிட்டால், கடனை உடனே திருப்பிக் கேட்கலாம் என்கிறது விதிமுறை. மாடியை வாடகைக்கு விட்டு அந்தச் செலவைச் சமாளிக்கலாமா? விடக் கூடாது. ஒரு பகுதியை வாடகைக்கு விட்டாலும் அதே தண்டனை. கடனே வாங்காமல் மாடியில் ஒரு குடும்பத்தை வைத்திருந்தால் 12,000-மாவது வந்திருக்கும், பத்திரமும் பீரோவிலேயே இருந்திருக்கும். ஒரு வருடம் தொடர்ந்து அந்த வீட்டில் குடியிருக்காவிட்டாலும் வீட்டை நிரந்தரமாக விட்டுப்போனதாகக் கணக்கு. இடுப்பெலும்பு முறிந்து மகள் வீட்டில் கிடப்பவர், நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் நாளில் மனைவியையும் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்தாரா என்பது தனிக் கேள்வி. சேர்த்திருந்தால் அவர் போன பிறகும் அந்த அம்மாள் கடைசிவரை அங்கேயே இருக்கலாம். சேர்க்காவிட்டால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும் கடிதங்களில் வங்கியினுடையதும் ஒன்று.

கடைசியில் இருவரும் போய்ச் சேர்ந்ததும் வாரிசுகள் வருவார்கள். அப்பா 15 வருடம் எதைத் தின்றார் என்று ஒரு முறை கேட்காதவர்கள், வீட்டை எது தின்றது என்று அலறுவார்கள். அவர்களையும் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் நிலை பரிதாபம். கடனை வட்டியோடு கட்டி வீட்டை மீட்கும் முதல் உரிமை அவர்களுக்கு உண்டு. விற்றால், கடன் போக மீதி அவர்களுக்கு. விலை கடனுக்குப் போதாவிட்டால் அவர்கள் சொந்தச் சொத்தில் கை வைக்க முடியாது. இந்தத் திட்டத்தில் மனம் திறந்து பாராட்டக்கூடிய ஒரே வரி இது. ஆனால் இதற்கெல்லாம் எவ்வளவு காலம்? வீட்டை விற்க 2 மாதம்வரை தரலாம் என்பது விதிமுறையின் தாராளம்.

இரண்டு மாதம்! இறப்புச் சான்றிதழ் வாங்கி, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரித்து, தாசில்தார் கையெழுத்திடும் நாள் வரவேண்டும். ஓரகத்திகள் பேசிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இருப்பவன் அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். வங்கிக்கு அவசரம் இருக்கிறது என்று தெரிந்த தரகர், கோடி ரூபாய் வீட்டுக்கு எழுபது என்பார். தினமும் வட்டி ஏறும்.

நம் மடிப்பாக்கத்துக்காரர் 82 வயதில் மருத்துவமனைக்குப் போனார் என்று வையுங்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரிக்கிறார். “பிரமாதம் சார். இருதயம் நாற்பது வயசுக்காரன் மாதிரி இருக்கு. இன்னும் பத்து வருஷம் தாராளமா இருப்பீங்க.”

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. “டாக்டர், இதுக்கு மருந்து ஏதும் இல்லையா?”